மீன் தொட்டிக்கும் இரும்பு பீரோவுக்கும் நடுவில் ரவுட்டர்: எங்கே மாற்றி வைப்பது?

நீலவால்

வணக்கம். ஹாலில் எங்களுக்கு ஒரு மீன் தொட்டி இருக்கிறது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அது இரண்டரை அடி ஸ்டாண்டின் மேல் நிற்கிறது. ஃபில்டர் குழாய்கள் போவதற்காகச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்திருக்கிறோம். இணைய இணைப்பு கொடுக்க வந்தவர், வயர் எதுவும் வெளியே தெரியக்கூடாது என்று அந்த ஓர் அடி இடைவெளியிலேயே சுவரில் ஒரு பலகை அடித்து, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் ரவுட்டரை வைத்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அதே சுவருக்கு அந்தப்பக்கம் படுக்கையறை. அங்கே சுவரை ஒட்டி இரும்பு பீரோ, ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஏறக்குறைய ரவுட்டருக்கு நேர் பின்னால். ஹாலைத் தாண்டி எதிர்ப்பக்கம் மகள் படிக்கும் அறை, ரவுட்டரிலிருந்து சுமார் 8 மீட்டர் இருக்கும். இந்த இரண்டு அறைகளிலும் சிக்னல் படு மோசம். மகளின் வகுப்பு நடுவில் உறைந்து நின்றுவிடும், படுக்கையில் படுத்துக்கொண்டு வீடியோ பார்க்க முடியாது. லேன் கேபிளில் மடிக்கணினியைச் செருகிப் பார்த்தால் முழு வேகம் வருகிறது, அதனால் இணைப்பில் கோளாறு இல்லை.

தொட்டித் தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும் என்று ஒருவர் சொன்னார், பீரோதான் காரணம் என்று இன்னொருவர். தொட்டியில் 250 லிட்டருக்குக் கிட்டத்தட்ட தண்ணீர் இருக்கிறது, அதை நகர்த்துவது நடக்காத காரியம். பீரோவுக்கும் வேறு சுவர் கிடையாது. ரவுட்டரைத்தான் மாற்ற முடியும். எங்கே வைக்கலாம்?

மின்தடம்

தண்ணீர்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது தண்ணீர் மூலக்கூறு அதிரும் அலைவரிசை. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் உணவைச் சூடாக்குகிறது, அதிலேயே தெரியவில்லையா? அதனால் ரவுட்டரை அப்படியே விட்டுவிட்டு எல்லாக் கருவிகளையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அது தண்ணீரில் மாட்டாது.

அலைக்காரர்

மின்தடம் சொன்னதில் பாதி சரி. தண்ணீர் சிக்னலை உறிஞ்சுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. ஆனால் 2.4 தண்ணீருக்கென்று அமைந்த தனி அலைவரிசை கிடையாது. தண்ணீர் மிக அதிகமாக உறிஞ்சுவது இருபது கிகாஹெர்ட்ஸை ஒட்டி. 2.4-இலிருந்து அந்தப் பக்கமாக ஏற ஏற உறிஞ்சலும் ஏறிக்கொண்டே போகும். அடுப்புக்கு 2.45 கிடைத்தது, உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒதுக்கிய பட்டை அது என்பதால்.

அறை வெப்பத்தில் உள்ள சாதாரணத் தண்ணீரில் 2.4-இல் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை டெசிபெல்லுக்குச் சற்றுக் குறைவாக இழப்பு. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அதே ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 10 டெசிபெல். பத்து டெசிபெல் என்றால் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தண்ணீர் விஷயத்தில் 5-க்கு மாறுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஆனால் நீலவால், உங்கள் தொட்டி ஒன்றரை அடி அகலம், அதாவது 45 சென்டிமீட்டர். 2.4-இல் கணக்குப் போட்டாலே நூறு டெசிபெல்லைத் தாண்டுகிறது. அதன் வழியாக எதுவும் வெளியே வராது. உங்கள் மகள் அறைக்கு இப்போது வந்துகொண்டிருக்கும் கொஞ்சநஞ்ச சிக்னல் தொட்டியின் மேலாகத் தப்பி, கூரையிலும் பக்கச் சுவர்களிலும் பட்டுத் திரும்பி வருவது. எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கேட்டுப் பயனில்லை, எவ்வளவு அகலத்துக்கு மறைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

விளக்குக்குப் பக்கத்தில் கையை வைத்தால் சுவர் முழுக்க நிழல் விழும், கையைத் தள்ளி எடுத்துப் போனால் நிழல் சிறுத்துவிடும். இங்கேயும் அதேதான். ரவுட்டருக்கும் கண்ணாடிக்கும் அரை அடி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாலடித் தொட்டி அரை அடியில் நின்றால் ஹால் பக்கம் உள்ள 180 பாகையில் 150-க்கு மேல் அதுவே அடைத்துக்கொள்கிறது. அதே தொட்டி ஆறடி தள்ளி இருந்தால் 37 பாகைதான் மறையும். தொட்டியும் அதேதான், தண்ணீரும் அதேதான், வீட்டுக்கு வித்தியாசம் மலையளவு.

பீரோ கதை வேறு. இரும்புத் தகடு உறிஞ்சுவதில்லை, அப்படியே திருப்பி அடிக்கிறது. எத்தனை மெல்லிய தகடாக இருந்தாலும் சரி, அதன் வழியாக வராது. பின்னால் பீரோ, முன்னால் தொட்டி, நடுவில் ரவுட்டர். இதைவிட மோசமான இடத்தை அந்த வீட்டில் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

பவளக்கொடி

நான் மீன் வளர்ப்பவள் என்பதால் கேட்கிறேன். அரை அடி தூரத்தில் ரவுட்டர் இருந்தால் அத்தனை கதிர்வீச்சும் தண்ணீருக்குள் இறங்குகிறது என்றுதானே அர்த்தம்? மீன்கள் என்ன ஆகும்? தண்ணீர் சூடாகாதா? முதலில் மீன்களுக்காகத்தான் ரவுட்டரை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அலைக்காரர்

அவர் கேட்டது சிக்னலைப் பற்றி, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வீட்டு ரவுட்டர் ஒரு பட்டையில் அனுப்பும் சக்தி பெரும்பாலும் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும், கொஞ்சம் கூடலாம். அதிலும் கண்ணாடியில் படுவதில் பெரும்பகுதி, சுமார் அறுபது சதவீதம், தண்ணீரின் முகப்பிலேயே திரும்பிவிடும். மீதி இறங்குவது 250 லிட்டர் தண்ணீரை ஒரு வெப்பமானி காட்டும் அளவுக்குக்கூடச் சூடாக்காது. தொட்டியில் இருக்கும் ஹீட்டர் நூறு வாட்டுக்கு மேல் இழுக்கும், அதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அந்த இடத்தில் நான் பயப்படுவது தண்ணீர் தெறிப்பதற்கு. ஃபில்டர் குழாய் கழன்றால் முதலில் நனைவது ரவுட்டரும் அதன் அடாப்டரும் செருகியிருக்கும் பிளக்கும். ரவுட்டரை எங்கே வைத்தாலும் மின்சார வயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்கு இறங்கிப் போகாமல், கொஞ்சம் கீழே தொங்கி அப்புறம் மேலே ஏறும்படி விடுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

உப்புத்தொட்டி

நான் வைத்திருப்பது கடல்நீர்த் தொட்டி. உப்புத் தண்ணீர் சாதாரணத் தண்ணீரைவிடப் பல மடங்கு மோசம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். என் தொட்டியைச் சாதாரணத் தண்ணீருக்கு மாற்றினால் சிக்னல் கூடுமா என்று ஒரு நண்பர் கேட்டார், எனக்கே அந்தக் கேள்வி கொஞ்ச நாளாக இருந்தது.

அலைக்காரர்

கூடாது. உப்பு இருந்தால் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் 2.4-இலேயே ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 10 டெசிபெல் போய்விடும் என்பது உண்மை. ஆனால் ஒன்றரை அடி தண்ணீரில் சாதாரணத் தண்ணீரே எல்லாவற்றையும் முடித்துவிட்டது. முடிந்ததை உப்பு இன்னொரு முறை முடிக்க என்ன இருக்கிறது? மேசையில் வைக்கும் சின்னக் கண்ணாடிக் குடுவையில்தான் உப்பா நல்ல தண்ணீரா என்ற வித்தியாசம் தெரியலாம். அதுகூட அகலம் குறைவு என்பதால் அலை பக்கவாட்டில் வளைந்து போய்விடும், கவலைப்பட ஒன்றுமில்லை.

நீலவால்

விளக்கத்துக்கு நன்றி அலைக்காரர். ஒரு சந்தேகம். தொட்டிதான் தடுக்கிறதா என்று தொட்டியை நகர்த்தாமல் உறுதி செய்துகொள்ள வழி உண்டா? நாளை தண்ணீர் மாற்றும் நாள், மூன்றில் ஒரு பங்கு வெளியே எடுப்போம். அப்போது ஏதாவது பார்க்கலாமா?

அலைக்காரர்

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ரவுட்டர் மூன்றரை அடியில் இருக்கிறது. தொட்டி நிறைந்திருக்கும்போது நீர்மட்டம் ஏறக்குறைய நாலடி. மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் நீர்மட்டம் அரை அடி இறங்கி, ரவுட்டருக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். அப்போது ரவுட்டர் வெறும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கும், கண்ணாடி பெரிதாகத் தடுக்காது. எடுப்பதற்கு முன்பும் எடுத்த பிறகும் மகள் அறையில் ஒரே இடத்தில் அளந்து பாருங்கள்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியது: திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், எண்ணாகப் பாருங்கள். கைபேசியில் வைஃபை அளக்கும் செயலி எதுவாக இருந்தாலும் போதும். மடிக்கணினி லினக்ஸ் என்றால் முதல் கட்டளை, விண்டோஸ் என்றால் இரண்டாவது:

```
iw dev wlan0 link
netsh wlan show interfaces
```

முதலாவதில் `signal` என்ற வரியைப் பாருங்கள் (`wlan0` என்ற பெயர் சில கணினிகளில் வேறாக இருக்கும்). இரண்டாவது பெரும்பாலும் சதவீதமாகத்தான் காட்டும், ஒப்பிட அதுவும் போதும். டெசிபெல் கணக்கு மைனஸில் வரும். -50 அருமை, -67 வரை வீடியோ வகுப்புக்குத் தாராளம், -75 தாண்டினால் தடுமாற்றம், -85 என்றால் இருந்தும் இல்லாத கதை.

ஒரே ஓர் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அறைக்குள் பல சுவர்களில் பட்டு வரும் அலைகள் ஒன்றோடொன்று மோதுவதால், கைபேசியை ஒரு சாண் நகர்த்தினாலே ஐந்தாறு டெசிபெல் மாறும். மேசையைச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்த்து நடுவாக ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், நம் உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், அதுவும் மறைக்கும். 2.4-க்கும் 5-க்கும் தற்காலிகமாகத் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் எதை அளக்கிறோம் என்ற குழப்பம் வராது.

மாடிவீட்டார்

இந்த இழையைப் பார்த்ததும் என் பிரச்சினைக்கும் விடை கிடைக்கும் போல் இருக்கிறது. எங்கள் மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை கட்டி அலுவலகமாக வைத்திருக்கிறேன். படிக்கட்டுக் கூண்டுக்குள் ஒரு ரவுட்டர், அதன் மரக்கதவு அறையைப் பார்த்துத் திறக்கும். கூண்டுக்கும் அறைக்கும் நடுவில் 1000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் வாட்டர் டேங்க். காலையில் மோட்டார் போட்டு டேங்க் நிறைந்ததும் அறையில் இணையம் படுத்துவிடுகிறது, சாயங்காலம் தண்ணீர் இறங்கியதும் தானாகச் சரியாகிவிடுகிறது. மோட்டார் ஓடுவதால் மின்சாரத்தில் வரும் கோளாறு என்று நினைத்து ஸ்டெபிலைசர்கூட வாங்கிப் போட்டேன், ஒன்றும் மாறவில்லை.

அலைக்காரர்

மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் படுத்து, நிறுத்தியதும் சரியானால் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். உங்களுக்கு மோட்டார் நின்ற பிறகும் டேங்க் நிறைந்திருக்கும் வரை படுத்தே இருக்கிறது, தண்ணீர் இறங்கும்போது எழுகிறது. இது நீர்மட்டத்தின் வேலை.

காலி பிளாஸ்டிக் டேங்க் வைஃபைக்குக் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி, கடந்து போய்விடும். அதே டேங்க் நிறைந்தால் ஒரு மீட்டருக்கு மேல் விட்டமுள்ள தண்ணீர்த் தூண். மொட்டை மாடியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டுக்குள் என்றால் கூரை, சுவர் எல்லாம் அலையைத் திருப்பி அனுப்பி நிழலைக் கொஞ்சம் நிரப்பும். திறந்த மாடியில் மேலே வானம்தான், திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை, அதனால் டேங்க் நிழல் அங்கே இன்னும் அழுத்தமாக விழும்.

கூண்டிலிருந்து அறைக்கு லேன் கேபிள் இழுக்க முடிந்தால் அதோடு பிரச்சினை முடிந்தது, வெயிலைத் தாங்கும் வெளிப்புறக் கேபிளாக இருக்கட்டும். முடியாவிட்டால் ரவுட்டரைக் கூண்டின் வேறு மூலைக்கு மாற்றி, அங்கிருந்து அறை ஜன்னலுக்கு ஒரு கயிறு கட்டிப் பாருங்கள். கயிறு டேங்கை உரசாமல் இரண்டடியாவது தள்ளிப் போக வேண்டும். மயிரிழையில் தாண்டினால் போதாது, 2.4-இல் எட்டு மீட்டர் தூரத்துக்கு நேர்கோட்டின் நடுப்பகுதியைச் சுற்றி ஒன்றரை அடிக்கு மேல் இடம் காலியாக இருந்தால்தான் அலை தடையின்றிப் போகும்.

மின்தடம்

அப்படியானால் டேங்குக்கு நேர் கீழே இருக்கும் அறையிலும் சிக்னல் குறையுமே? எங்கள் படுக்கையறைக்கு மேலேதான் டேங்க்.

அலைக்காரர்

ரவுட்டர் எங்கே இருக்கிறது? அதே மாடியில் பக்கத்து அறையில் என்றால் அலை பக்கவாட்டில் வருகிறது, தலைக்கு மேலே இருக்கும் டேங்கைத் தொடுவதே இல்லை. ரவுட்டர் டேங்குக்கும் மேலே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உங்கள் அறையில் குறைந்தால் நடுவில் உள்ள சுவரையும் அலமாரியையும் பாருங்கள்.

நீலவால்

அளந்துவிட்டேன். தொட்டி நிறைந்திருந்தபோது மகள் அறையில் 2.4: -71, 5: -86. தண்ணீரை ரவுட்டர் மட்டத்துக்குக் கீழே இறக்கியதும் 2.4: -64, 5: -77. படுக்கையறையில் தண்ணீர் எடுப்பதற்கு முன்னும் பின்னும் மாற்றம் இல்லை, 2.4-இல் -66, 5-இல் -80.

அலைக்காரர்

பிரமாதம். இரண்டு அறைக்கும் இரண்டு வெவ்வேறு காரணம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மகள் அறைக்குத் தொட்டி, படுக்கையறைக்குப் பீரோ. இனி எங்கே வைக்கலாம் என்று பார்ப்போம். ஆணி அடிப்பதற்கு முன் ஒரு நீளமான லேன் கேபிளை வைத்துச் சோதனை செய்ய முடியுமா?

கம்பிவலை

குறுக்கே வருகிறேன். எதற்கு இத்தனை சோதனை, ரவுட்டரை அப்படியே நேர் மேலே ஏழடிக்கு உயர்த்திவிட்டால் தொட்டியையும் தாண்டும், பீரோவையும் தாண்டும். பீரோ ஆறரை அடிதானே.

அலைக்காரர்

தொட்டிக்குச் சரி. பீரோவுக்கு ஆகாது. ஏழடியில் ரவுட்டர், பத்தடி தள்ளிக் கட்டிலில் இரண்டடி உயரத்தில் கைபேசி. ரவுட்டரிலிருந்து கைபேசிக்கு ஒரு கோடு போடுங்கள். அது கீழ்நோக்கிச் சாய்ந்து வரும். சுவரையும் பீரோவின் ஆழத்தையும் கடந்து பீரோவின் முன்பக்கம் வரும்போது, அதாவது இரண்டரை அடி தூரத்தில், கோட்டின் உயரம் ஆறடிக்கும் கீழே இறங்கிவிட்டிருக்கும். பீரோவின் மேல்பகுதி குறுக்கே நிற்கும். ரவுட்டர் பீரோவை ஒட்டி இருக்கும் வரை உயரம் காப்பாற்றாது, பக்கவாட்டில் விலக வேண்டும்.

நீலவால், தொட்டியின் நடுவிலிருந்து சுவரோடு ஐந்தடி தள்ளி ஓர் இடம் இருக்கிறதா? பீரோ அகலம் மூன்றடி என்றால் நடுவிலிருந்து ஒன்றரை அடிதான் அது மறைக்கும். ஐந்தடி தள்ளிய இடத்திலிருந்து கட்டிலுக்கு வரும் கோடு பீரோவின் ஓரத்திலிருந்து இரண்டடிக்கு மேல் விலகியே போகும். உயரம் ஆறடிக்கு மேல் இருக்கட்டும், ஹாலில் நடமாடும் ஆட்கள் மறைக்க மாட்டார்கள்.

இழைநார்

நான் இணைப்பு வேலை பார்ப்பவன், அதனால் ஒரு விஷயம் சொல்கிறேன். அவரிடம் இருப்பது ஃபைபர் நேராக வந்து செருகும் பெட்டியாக இருந்தால் நினைத்தபடி இழுத்துக்கொண்டு போக முடியாது. சுவர் ஓரத்தில் சுருட்டி வைத்த மிச்ச ஃபைபர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் மூலைகளில் வளைவை அகலமாக விடுங்கள், விரலால் அழுத்தி மடக்கினால் உள்ளே கண்ணாடி இழை, ஒளி கசியும் அல்லது உடையும். மிச்சம் இல்லையென்றால் பெட்டி அங்கேயே இருக்கட்டும், அதன் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு, லேன் கேபிளில் இன்னொரு ரவுட்டரை வேண்டிய இடத்தில் வையுங்கள். அந்த ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் முறையில் போடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி ஒரு முகவரி கொடுக்க ரவுட்டர் இன்னொன்று கொடுக்க, பிரின்டர் ஒரு பக்கம் மடிக்கணினி ஒரு பக்கம் என்று ஒன்றையொன்று காணாமல் தவிக்கும்.

நீலவால்

சுருட்டிய ஃபைபர் இல்லை, இழைநார் சொன்ன இரண்டாவது வழிதான். பழைய ரவுட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. நீளக் கேபிளில் கட்டி முதலில் ஸ்டூல் மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தொட்டிக்கு மேலே ஆறடியில் வைத்துப் பார்த்தேன். மகள் அறை 2.4: -57, 5: -68. படுக்கையறை ஏறக்குறைய அப்படியேதான், 2.4-இல் -64, 5-இல் -78. அலைக்காரர் சொன்னபடியே நடந்தது.

அப்புறம் சுவரோடு ஐந்தடி தள்ளி அதே உயரத்தில் வைத்தேன். மகள் அறை -56, -67. படுக்கையறையில் 2.4: -52, 5: -61. அதே சுவர், அதே கட்டில், ஐந்தடி நகர்த்தியதில் 5 கிகாஹெர்ட்ஸில் இத்தனை வித்தியாசம். மனைவி கட்டிலில் உட்கார்ந்து வீடியோ ஓட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் பழைய இடத்துக்குப் போகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அலைக்காரர்

ஒன்று கவனிக்க வேண்டும், பெட்டி வேறு ரவுட்டர் வேறு என்பதால் ஓரிரு டெசிபெல் அந்த மாற்றத்தாலும் வந்திருக்கலாம். ஆனால் ஸ்டூல் மேலேயும் இதே ரவுட்டர்தானே இருந்தது. அங்கே -78, இங்கே -61. அந்த 17 டெசிபெல் முழுக்க இடத்தின் பலன்.

மாட்டும்போது ஆன்டெனாக்களை நேராக நிமிர்த்தி வையுங்கள். ஆன்டெனா நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் சிக்னல் மிகக் குறைவு, பக்கவாட்டில்தான் பரவும்.

கம்பிவலை

பீரோவை எதிரியாகவே பார்க்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. இரும்பு திருப்பி அடிக்கும் என்றால் ரவுட்டரைப் பீரோவுக்கு முன்னால் வைத்தால் முன்பக்க அறைகளுக்கு இரட்டிப்பாகப் போகுமே. என் வீட்டில் இரும்பு அலமாரிக்கு முன்னால் வைத்துத்தான் ஹாலுக்கு நல்ல சிக்னல் வாங்குகிறேன்.

அலைக்காரர்

முன்பக்கம் கூடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரும்பி வரும் அலை நேர் அலையோடு சேருமா, எதிர்த்து அழிக்குமா என்பது ரவுட்டருக்கும் தகட்டுக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. 2.4-இல் அலைநீளம் 12 சென்டிமீட்டர் அளவு, கால் அலை என்றால் மூன்று சென்டிமீட்டர். 5-இல் அது பாதிக்கும் கீழே. ஒரு பட்டைக்கு நன்றாக அமைந்த தூரம் இன்னொன்றுக்குக் கெடுத்துவிடும். பின்பக்க அறைகள் மொத்தமாக இருட்டு. நான் என்றால் தகட்டிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைப்பேன்.

கம்பிவலை

பின்பக்கம் எனக்கு வெளிச்சுவர்தான், அறையே இல்லை. அதனால் எனக்கு லாபம் மட்டும்தான். அளந்து பார்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

அலைக்காரர்

அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு அது சரி. நீலவாலுக்குப் பின்பக்கம் படுக்கையறை இருக்கிறது.

பவளக்கொடி

பீரோவுக்குள்ளேயே ரவுட்டரை வைத்திருக்கும் வீட்டைப் பார்த்திருக்கிறேன், குழந்தைகள் கை வைக்கிறார்கள் என்று. கதவைத் திறந்தால் வேலை செய்கிறது என்று சொன்னார்கள்.

இழைநார்

நானும் பார்த்திருக்கிறேன். மூடிய பீரோவிலிருந்து கதவு இடுக்கு வழியாகக் கசிவதுதான் வெளியே வரும். சூடும் உள்ளேயே தங்கும். கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்றால் உயரத்தில் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். நிலைக்கண்ணாடியையும் மறந்துவிடாதீர்கள், அதன் முதுகில் உலோகப் பூச்சு இருக்கிறது, ஆளுயரக் கண்ணாடி வைஃபைக்கு ஒரு தகடுதான்.

மாடிவீட்டார்

கயிறு கட்டிப் பார்த்தேன். இப்போதிருக்கும் இடத்திலிருந்து கயிறு டேங்கின் வயிற்றில் இடிக்கிறது. கூண்டின் இடது மூலையிலிருந்து கட்டினால் மூன்றடி தள்ளிப் போகிறது, ஆனால் அந்த மூலை கதவின் பக்கம் இல்லை, சுவர் நடுவில் வருகிறது. ஒரு ரிப்பீட்டர் வாங்கி என் அறையில் வைத்துவிட்டால் கேபிள் இழுக்காமல் தப்பிக்கலாமா?

அலைக்காரர்

உங்கள் அறையில் வைத்தால் ரிப்பீட்டரும் அதே டேங்க் நிழலில்தான் உட்காரும். தனக்கு வருவதைத்தான் அது திருப்பி அனுப்ப முடியும், கைபேசியில் கோடுகள் நிறையத் தெரியும், இணையம் ஓடாது. வைத்தே ஆக வேண்டுமென்றால் ரவுட்டரையும் பார்க்க வேண்டும், உங்கள் ஜன்னலையும் பார்க்க வேண்டும், அப்படி ஓர் இடம் மழை படாமல் இருக்கிறதா? டேங்க் நிறைந்திருக்கும் காலை நேரத்தில் அங்கே அளந்து -65-ஐ ஒட்டி வந்தால் வையுங்கள். சாயங்காலம் அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். கதவுக்கு எதிரே கைப்பிடிச் சுவர் மூலையில் அப்படி ஓர் இடம் அமையலாம். இடது மூலையையும் அளக்காமல் ஒதுக்காதீர்கள். ஒரு செங்கல் சுவர் எவ்வளவு குறைத்தாலும் நிறைந்த டேங்க் அளவுக்குக் குறைக்காது. அதிலும் கான்கிரீட் தூண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடிவீட்டார்

நாளைக் காலை மோட்டார் போட்ட பிறகு இரண்டு இடத்திலும் அளக்கிறேன்.

நீலவால்

ரவுட்டரைப் புதிய இடத்தில் மாட்டிவிட்டேன். இரண்டு அறையும் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் புரியவில்லை. ஹாலில் தொட்டிக்கு அந்தப்பக்கக் கோடியில் டிவி இருக்கிறது, அதற்குப் பகலில் 5-இல் -60 காட்டுகிறது, படம் ஓடுகிறது. இரவு எட்டு மணிக்கு மேல் எண் அதே -60-தான், ஆனால் படம் நின்று நின்று வருகிறது. இதற்கும் தொட்டிக்கும் சம்பந்தம் உண்டா? புதிய இடத்திலிருந்து டிவிக்கு வரும் கோடு தொட்டியின் மேலே போகிறதா, ஓரத்தை உரசுகிறதா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

மின்தடம்

தொட்டி விளக்கு எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? எல்இடி விளக்கின் டிரைவர் அலைகளைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

அலைக்காரர்

மட்டமான டிரைவர்கள் கீழ் அலைவரிசைகளில், ரேடியோவில், இரைச்சல் கொடுப்பதுண்டு. 5 கிகாஹெர்ட்ஸில் அதை எதிர்பார்க்க மாட்டேன், ஆனாலும் விளக்கை அணைத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. சிக்னல் எண் மாறாமல் வேகம் மட்டும் விழுவதால் தண்ணீர், இரும்பு இரண்டையும் நான் ஒதுக்கிவிடுகிறேன். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் அதே சேனலில் நெருக்கிக்கொண்டிருக்கலாம். எட்டு மணிக்கு மேல் செயலியில் எந்தெந்தச் சேனலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

இழைநார்

அதோடு அதே நேரத்தில் லேன் கேபிளில் மடிக்கணினியைச் செருகி வேகத்தையும் பாருங்கள். கேபிளிலும் விழுந்தால் கோளாறு வீட்டுக்கு வெளியே, இணைப்புக் கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

நீலவால்

விளக்கு ஏழு மணிக்கே எரிய ஆரம்பிக்கிறது, நேரம் பொருந்தவில்லை. இன்று இரவு விளக்கை அணைத்தும் கேபிளில் செருகியும் பார்த்துவிட்டு எண்களைப் போடுகிறேன்.